மூன்று முறை வந்த இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் யாரோ ஒருவர் வருவார், நாலு பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 12,480 டாலர் ஆர்டரில் எனக்குக் கையில் நிற்க வேண்டியது சுமார் 1,800 டாலர். கடைசியில் நின்றது 386. பொருள் படுமோசம் என்று சொல்ல முடியாது. அதை வாங்கும் வெளிநாட்டுப் பையரும் கெட்டவர் இல்லை. தேதி, தரம், தொழிற்சாலைக்குள் அனுமதி என்ற மூன்றையும் முன்கூட்டியே பேசி எழுதி வைக்காததால் போன பணம் அது. அந்த நேரத்தில் இதைச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குச் சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. ஆர்டர் பிடித்து, வேறொருவர் தொழிற்சாலையில் செய்து வாங்கி ஏற்றுமதி செய்பவன். இது மூன்றாவது ஆர்டர். முதல் இரண்டிலும் பையர் இன்ஸ்பெக்‌ஷன் கேட்கவில்லை. இந்த முறை கைப்பிடி வைத்த பருத்திப் பைகள், கறுப்பில் 2,400, சாயமேற்றாத வெள்ளையில் 2,400, மொத்தம் 4,800. கார்ட்டனுக்கு 50 வீதம் 96 கார்ட்டன். பணம் எல்.சி. மூலம், அதாவது கேட்ட ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம். எல்.சி.யில் கேட்டிருந்த ஆவணங்களில் ஒன்று, பையர் அமர்த்தும் இன்ஸ்பெக்‌ஷன் நிறுவனத்தின் சான்றிதழ். முதல் தடவைக்கான கட்டணம் பையருடையது, என் தவறால் இன்ஸ்பெக்‌ஷன் நடக்காமல் போனாலோ மறுபடி நடத்த வேண்டி வந்தாலோ அது என் கணக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்தேன், சரி என்று தலையாட்டினேன், மறந்துவிட்டேன்.

முதலில் தேதி. எல்.சி.யில் ஷிப்மென்ட்டுக்குக் கடைசி நாள் 30. கப்பல் 27-ஆம் தேதி. சரக்கைக் கப்பலுக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர், அதை ஒப்படைக்கச் சொன்ன கடைசி நேரம், அதாவது கட்-ஆஃப், 24, திங்கட்கிழமை மதியம். இதை வைத்து நான் 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு இன்ஸ்பெக்‌ஷன் கேட்டேன். மூன்று நாள் இடைவெளி இருக்கிறதே, போதாதா என்று கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு முட்டாள்தனம் என்பது பிறகுதான் புரிந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவதோடு விஷயம் முடிவதில்லை. அவர் பார்த்ததை அவருடைய அலுவலகம் சரிபார்த்து அடுத்த வேலை நாளில்தான் ரிப்போர்ட் அனுப்பும். வெள்ளிக்கிழமை பார்த்தால் ரிப்போர்ட் திங்கட்கிழமை. அதைப் படித்து, ஏற்றலாம் என்று சொல்ல வேண்டியவர் பையர், அவருடைய ஊரில் அப்போது மணி என்னவோ. ஆக எல்லாம் பாஸ் ஆகியிருந்தாலும் திங்கள் மதியம் கட்-ஆஃபுக்குள் என் சரக்கு போயிருக்க வழியே இல்லை. ஃபெயில் ஆனால் என்ன செய்வது என்ற யோசனைக்கு அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

இப்போது நான் பின்னாலிருந்து எண்ணுகிறேன். கட்-ஆஃப் நாளைக் குறித்துக்கொண்டு, வண்டிக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கும் பையரின் பதிலுக்கும் இரண்டு வேலை நாள், ஃபெயில் ஆனால் பிரித்துச் சரிசெய்ய மூன்று நாள், மறு இன்ஸ்பெக்‌ஷனுக்கு இடம் கிடைக்க மூன்று நாள், அதன் ரிப்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு நாள் என்று ஒதுக்குகிறேன். சனி, ஞாயிறும் விடுமுறைகளும் இதில் சேராது. பையர் ஊர் விடுமுறையையும் பார்க்க வேண்டும். இப்படி எண்ணினால் கட்-ஆஃபுக்கு ஏறக்குறைய இரண்டரை வாரத்துக்கு முன்னால் போய் நிற்கிறோம். தொழிற்சாலைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவரிடம் ஷிப்மென்ட் தேதியைச் சொல்வதையே நான் விட்டுவிட்டேன். பேக்கிங் முடியும் தேதியை மட்டும்தான் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சரக்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் தேதியில் அடங்கியதுதான். ஷிப்மென்ட்டுக்கு முந்தைய இன்ஸ்பெக்‌ஷனில் பொதுவாகக் கேட்பது, உற்பத்தி நூறு சதவீதம் முடிந்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 80 சதவீதம் ஏற்றுமதிக் கார்ட்டனில் போட்டு மூடியிருக்க வேண்டும். காரணம் நியாயமானதே. பாதி சரக்கு மேசையில் கிடந்தால், நல்லதைக் கார்ட்டனில் போட்டு மற்றதை ஒதுக்கி வைத்தோமா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எடுக்கும் சாம்பிள் மொத்தச் சரக்குக்கும் பொருந்த வேண்டுமானால் மொத்தச் சரக்கும் அவர் கண் முன்னால் இருக்க வேண்டும். என் கணக்கில் 96-ல் 80 சதவீதம் என்றால் 77 கார்ட்டன். பார்கோடு லேபிளுக்குப் பையர் ஒப்புதல் தர நாலு நாள் தாமதித்ததால் பேக்கிங் பிந்தியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “80 ரெடி சார், தைரியமா வரச் சொல்லுங்க” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

இங்கேதான் தொழிற்சாலை அனுமதி குறுக்கே வந்தது. இதில் என் கள்ளத்தனத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னைப் போல இடையில் இருப்பவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. பையருக்குத் தொழிற்சாலை முகவரி தெரிந்துவிட்டால் அடுத்த ஆர்டரை நேரே அங்கே கொடுத்துவிடுவாரோ என்று. அதனால் இன்ஸ்பெக்‌ஷன் புக்கிங் ஃபார்மில் முகவரி கேட்ட இடத்தில் என் அலுவலக முகவரியை எழுதினேன். இன்ஸ்பெக்‌ஷன் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, “சார், சரக்கு இருக்கிற இடத்தோட முகவரி வேணும், அங்கே யாரைப் பாக்கணும்னும் சொல்லுங்க” என்று இரண்டு தடவை கேட்டார். வியாழக்கிழமை சாயங்காலம்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் இன்ஸ்பெக்டர் பெயரை மெயிலில் அனுப்பியபோது இரவு எட்டு மணி. அதை நான் தொழிற்சாலைக்கு அனுப்பவில்லை. மேனேஜருக்குத்தான் ஆள் வருவது தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 9.15-க்கு இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். காவலாளியிடம் இருந்த பட்டியலில் பெயர் இல்லை. அடையாள அட்டையைக் காட்டினார். “லிஸ்ட்ல இல்லாதவங்களை விட முடியாது சார், முதலாளி உத்தரவு.” மேனேஜர் தையல் கூடத்தில் இருந்தார், அந்தச் சத்தத்தில் போன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. 50 நிமிடம் கழித்து உள்ளே விட்டார்கள், ஆனால் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் வேறு பிராண்டுகளின் பொருளும் ஓடுகிறது, படம் எடுக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. இன்ஸ்பெக்டருக்குப் படம் இல்லாமல் ரிப்போர்ட்டே கிடையாது. கார்ட்டன் அடுக்கு, ஷிப்பிங் மார்க், லேபிள், ஒவ்வொரு குறை என்று எல்லாவற்றையும் படம் எடுத்தாக வேண்டும். முதலாளியைக் கூப்பிட்டுப் பேசி, ஒரு ஆள் கூடவே இருக்கட்டும், எங்கள் மேசையைத் தவிர வேறெங்கும் கேமராவைத் திருப்பக் கூடாது என்று சமாதானமாகி, போன் திரும்பி வந்தபோது மணி பதினொன்று.

அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அமைதியாகக் கார்ட்டன்களை எண்ணினார். 58. மறுபடி எண்ணினார். 58. நான் மேனேஜரைப் பார்த்தேன். “மீதி 22 பின்னாடி தெரு ஷெட்ல இருக்கு சார், இங்க இடம் பத்தல” என்றார். கறுப்புப் பைகளில் ஒரு பகுதியைப் பேக்கிங் செய்ய அங்கே அனுப்பியிருக்கிறார். 58-ம் 22-ம் சேர்ந்தால் 80, அதாவது 83 சதவீதம். தாராளமாகப் போதும். ஆனால் இன்ஸ்பெக்டர் கையில் இருந்த உத்தரவில் ஒரே ஒரு முகவரிதான். அந்த இடத்தில் கண்ணால் பார்த்ததைத்தான் எண்ண முடியும், வேறு இடத்துக்குப் போக அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றார். அலுவலகம் பையரைக் கேட்க வேண்டும் என்றது. பையர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். சரி, கார்ட்டன்களை இங்கே கொண்டுவந்துவிடுகிறோம் என்றேன். வண்டி தேடி, ஏற்றி, இறக்கி முடியும்போது மணி இரண்டாகிவிடும், அதற்கு மேல் 250 பைகளைப் பார்த்து முடிக்க முடியாது என்றார். 60 சதவீதமே பேக்கிங் ஆகியிருந்ததால் இன்ஸ்பெக்‌ஷன் நடத்த இயலவில்லை என்று எழுதி, படம் எடுத்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு மேன்-டே, அதாவது ஒரு ஆளின் ஒரு நாள் வேலைக்கான கட்டணம் 290 டாலர். ஒரு பையைக்கூடத் தொட்டுப் பார்க்காத நாளுக்கு.

அன்று சாயங்காலம் எனக்கு மேனேஜர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்போது யோசித்தால் தப்பில் முக்கால்வாசி என்னுடையதுதான். சரக்கு முழுக்க ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. இதன் பிறகு நான் செய்வது இதுதான். ஆர்டர் கொடுக்கும்போதே தொழிற்சாலை முதலாளியிடம் அரைப் பக்கம் எழுதி வாங்கிவிடுகிறேன். சரக்கு இருக்கும் இடங்கள் எவை, இன்ஸ்பெக்டருக்கு எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை அனுமதி, படம் எடுக்கலாமா, எந்தப் பகுதியில், கூட இருக்கப்போவது யார், அவருடைய போன் எண் என்ன. இரண்டு இடம் என்றால் இரண்டையும் புக்கிங் ஃபார்மில் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் பெயர் முந்தின நாள் வந்ததும் காவலாளிக்கே நேராக அனுப்புகிறேன். முகவரி விஷயத்தில் என் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தொழிற்சாலையோடு, என் பையரிடம் இத்தனை காலத்துக்கு நேரடியாக வியாபாரம் செய்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். அது எவ்வளவு தூரம் நிற்குமோ. ஆனால் முகவரியை மறைத்துக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷன் நடத்த முடியாது. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும்.

அடுத்த காலி நாள் 26, புதன்கிழமை. 27-ஆம் தேதிக் கப்பல் கைவிட்டுப் போனது. இந்த முறை 96 கார்ட்டனும் ஒரே இடத்தில், சுவரிலிருந்து தள்ளி, நாலு பக்கமும் நடந்து பார்க்கும்படி அடுக்கி வைத்திருந்தோம். நல்ல வெளிச்சத்தில் இரண்டு நீள மேசை. இன்ஸ்பெக்டர் அதே ஆள்தான். கார்ட்டன்களை அவரே தேர்ந்தெடுத்தார், அடுக்கின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும். மேலே இருப்பதை எடுத்துக் கொடுக்கப்போன பையனைச் சிரித்துக்கொண்டே தடுத்தார். ஒரு நிறத்துக்கு 48 கார்ட்டன், அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 7, ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் 7 கார்ட்டன் பிரித்தார். பல நிறுவனங்கள் இந்த வர்க்கமூலக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. நடுவில் மேனேஜர் என்னைத் தனியே அழைத்து, “ஒரு கவர் குடுத்துடலாமா சார்?” என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். கவர் கொடுக்க முயன்றதாக அவர் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினால், பைகள் எப்படி இருந்தாலும் அந்தப் பையரோடு கதை முடிந்தது.

தரம் பற்றிய பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தோற்றது அங்கேதான். இந்த இன்ஸ்பெக்‌ஷன்கள் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 2859-1 என்ற தரநிலையின் அட்டவணைப்படி நடக்கின்றன. மொத்தச் சரக்கை லாட் என்பார்கள். லாட் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து எத்தனை சாம்பிள் எடுக்க வேண்டும், அதில் எத்தனை குறை வரை பொறுக்கலாம் என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. குறைகள் மூன்று வகை. ஆளுக்குத் தீங்கு செய்யக்கூடியது கிரிட்டிக்கல், அதில் ஒன்றுகூடக் கூடாது. வாங்குபவர் திருப்பிக் கொண்டுவரக்கூடியது மேஜர், அதற்கு வழக்கமாக ஏ.கியூ.எல்., அதாவது எவ்வளவு குறையைப் பொறுக்கலாம் என்று அட்டவணையில் பார்க்க உதவும் எண், 2.5. கண்ணுக்குத் தெரிந்தாலும் பொருளின் பயனைக் கெடுக்காதது மைனர், அதற்கு 4.0. பையரின் ஆர்டரிலும், எத்தனை சாம்பிள் என்பதைத் தீர்மானிக்கும் பொது நிலை இரண்டு, பிறகு 2.5, 4.0 என்றுதான் இருந்தது. மூன்று எண்ணையும் பார்த்து, தரத்தைப் பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்தேன். பேசாமல் விட்டது இரண்டு. லாட் என்பது எது? எந்தக் குறை எந்த வகை?

4,800 பைகளையும் ஒரே லாட்டாக எடுத்தால் 200 சாம்பிள், மேஜர் குறை 10 வரை பாஸ், 11 என்றால் ஃபெயில். ஆனால் நான் புக்கிங் ஃபார்மில் கறுப்பை ஒரு வரியாகவும் வெள்ளையை ஒரு வரியாகவும், தனித்தனி ஐட்டம் எண்ணோடு எழுதியிருந்தேன். ஆகவே அவர் இரண்டு லாட்டாக எடுத்தார். 2,400-க்கு 125 சாம்பிள், மேஜர் 7 வரை பாஸ், 8 என்றால் ஃபெயில். இரண்டுக்கும் சேர்த்து 250 பை.

குறை காணும் ஒவ்வொரு இடத்திலும் அவர் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, படம் எடுத்து, அந்தப் பையை மேசையின் ஓரத்தில் தனியாக வைத்துக்கொண்டே போனார். வெள்ளையில் ஒரே ஒரு மேஜர். எனக்கு மூச்சு வந்தது. கறுப்பு தொடங்கியது. கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்க வேண்டும், எடை தாங்குவதே அந்தத் தையல்தான். சில பைகளில் சதுரம் இருந்தது, உள்ளே பெருக்கல் குறி இல்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல், நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. அவர் கட்டைவிரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். மதியத்துக்குள் மேசை ஓரத்தில் ஆறு பை. அதற்கப்புறம் முன்பக்கத்தில் எண்ணெய்க் கறை உள்ள பை ஒன்று, இன்னொன்று. எட்டு. மைனர் நாலுதான், அதில் பிரச்சினை இல்லை. மேஜர் எட்டு, கறுப்பு ஃபெயில்.

நான் வாதாடினேன். கறை துவைத்தால் போய்விடும், மைனர்தானே, மைனரில் நாலோடு இரண்டு சேர்ந்தாலும் எல்லையான 10-ஐத் தொடாதே, மேஜர் ஆறாகி பாஸ் ஆகிவிடுமே என்றேன். கையை நீட்டிப் பையைப் பிடித்துக் காட்டினார். அந்தத் தூரத்திலிருந்து முன்பக்கத்தில் தெரிகிற கறை எங்கள் பட்டியலில் மேஜர், உள்பக்கமாக இருந்தால் மைனர் என்றார். பையரின் பட்டியல் என்ன சொல்கிறது என்று கேட்டேன். பையர் தனியாகப் பட்டியல் தரவில்லை, தராவிட்டால் நிறுவனத்தின் பொதுப் பட்டியல்தான் என்றார். அதாவது என் பையின் கறையை யாரோ எல்லாத் துணிப் பொருளுக்கும் பொதுவாக எழுதி வைத்த பட்டியல் தீர்மானித்தது. அங்கே இன்ஸ்பெக்டரோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமே இல்லை. அவர் கண்டதை எழுதுபவர், ஏற்பதா மறுப்பதா என்பது பையர் கையில். நான் செய்திருக்க வேண்டியது வேறு. முடிவில் ஒரு வரைவு ரிப்போர்ட்டில் நம் கையெழுத்தை வாங்குவார்கள், அதில் நம் குறிப்பை எழுத இடம் உண்டு. “இரண்டு கறைகளின் வகைப்பாட்டை ஏற்கவில்லை, பையர் முடிவு செய்யவும்” என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் வெறுத்துப் போய் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பையருக்கு அதையே மெயிலில் எழுதியபோது, நேற்று நீங்கள் ஏற்றுக்கொண்டுதானே கையெழுத்திட்டீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

லாட்டைப் பற்றி அன்றிரவு நான் போட்ட கணக்கையும் சொல்கிறேன். 250 பையில் ஒன்பது மேஜர். அதே விகிதத்தில் 200 பை பார்த்திருந்தால் ஏழு வந்திருக்கும், எல்லை பத்து. ஒரே வரியில் 4,800 என்று எழுதியிருந்தால் அநேகமாக அன்றே பாஸ். இதை நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. பிறகு கறுப்புப் பைகள் 2,400-ஐயும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம், 109 பையில் பெருக்கல் தையல் இல்லை. எல்லாம் ஒரே மெஷினில் தைத்தவை. அந்த மெஷினில் உட்காருபவர் இரண்டு நாள் வராதபோது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரே லாட்டாக எழுதித் தப்பியிருந்தால் அந்த 109 பையும் கப்பலேறியிருக்கும், ஏதோ ஒரு கடையில் சாமான் நிரப்பிய பையின் கைப்பிடி அறுந்திருக்கும். அடுத்த ஆர்டர் நிச்சயம் வந்திருக்காது. அதனால் லாட்டைச் சேர்த்து எழுதித் தப்பிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். எப்படிப் பிரிக்கப்போகிறார்கள் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே தெரிந்துகொண்டால், நாமும் அதே மாதிரிப் பிரித்து, தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு தடவை பார்த்துவிடலாம். இப்போது நான் இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அதே 125-ஐ நானே எடுத்துப் பார்க்கிறேன். நானும் இன்னொருவரும் உட்கார்ந்தால் அரை நாள் வேலை.

இதில் இன்னொரு சின்ன அவமானம். பையர் கையெழுத்திட்டு அனுப்பிய ஒப்புதல் சாம்பிள் பை எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அது என் அலுவலக மேசை டிராயரில், பத்திரமாக. கறுப்பின் நிறம் சரியா என்று ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லாததால் “ஒப்புதல் சாம்பிள் இல்லை, நிறத்தைப் பையர் முடிவு செய்யவும்” என்று அதற்கும் ஒரு வரி எழுதிவிட்டார். சாம்பிள் வந்தால் தொழிற்சாலைக்கே அனுப்பி, அதை வாங்கிக்கொண்டவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

மறு இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த மாதம் 3-ஆம் தேதி நடந்தது. 109 பையையும் மறுபடி தைத்து, பிரித்த கார்ட்டன்களைப் புதிய டேப் போட்டு ஒட்டி, எந்த நாளில் யார் எத்தனை பை பார்த்தார், எத்தனை ஒதுக்கினார் என்று எழுதிய தாளை முன்கூட்டியே பையருக்கு அனுப்பினேன். இன்ஸ்பெக்டர் கறுப்பில் மறுபடி 125 எடுத்தார், மூன்று மேஜர், பாஸ். ஆனால் எல்.சி.யின் 30-ஆம் தேதி தாண்டிவிட்டது. தேதியை நீட்ட எல்.சி.யைத் திருத்த வேண்டும், திருத்தப் பையர் சம்மதிக்க வேண்டும். தாமதத்துக்கு 4 சதவீதத் தள்ளுபடி கேட்டார். 499 டாலர். திருத்தக் கட்டணம் 95. மறு இன்ஸ்பெக்‌ஷன் 290. பிரித்துப் பார்த்து மறுபடி தைத்த கூலி 240. முன்னே போன 290-ஐயும் சேர்த்தால் 1,414.

சான்றிதழ் விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது என்னைக் கடிக்காமல் மயிரிழையில் தப்பியது. ஷிப்மென்ட்டுக்கு முந்தைய இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழ் என்று எல்.சி. கேட்டால், சரக்கைக் கப்பலேற்றிய நாளிலோ அதற்கு முன்போ சோதித்ததாக அந்தத் தாளில் தெரிய வேண்டும். கப்பலேறியது 10-ஆம் தேதி. சான்றிதழை அவர்கள் 11-ஆம் தேதியிட்டு அனுப்பினார்கள், சோதித்த தேதியைக் குறிப்பிடாமல். நல்ல வேளையாக வங்கிக்குக் கொண்டுபோகும் முன் வரைவைப் பார்த்தேன். 3-ஆம் தேதி சோதித்தது என்ற வரியைச் சேர்த்து மறுபடி வாங்கினேன். எல்.சி. எண்ணும் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. எல்.சி. வரைவு வரும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் தருவது யார் என்று அதில் என்ன எழுதியிருக்கிறது? வெளியே இருக்கும் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் நிறுவனம் என்றால் பரவாயில்லை. பையரின் பிரதிநிதி கையெழுத்திட்ட சான்றிதழ் என்றிருந்தால், சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் கையெழுத்துப் போடாதவரை உங்களுக்குப் பணம் இல்லை. விலை இறங்கும் காலத்தில் அந்தக் கையெழுத்து தாமதமாகும். அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அதே பையரிடமிருந்து அடுத்த ஆர்டர் வந்தபோது, விலை பேசி முடிப்பதற்கு முன்பே மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன். சரக்கு இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டுக்கும் இன்ஸ்பெக்டர் வருவாரா? நிறத்துக்கு ஒரு லாட்டா, மொத்தமாக ஒன்றா? கறை, நூல் பிசிறு, தையல் விடுதல், நிற வேறுபாடு, அச்சு நகர்தல் ஆகிய ஐந்தில் எது மேஜர், எது மைனர், எந்த அளவு முதல்? முதல் இரண்டுக்கும் அன்றைக்கே பதில் வந்தது. கறையின் அளவைச் சொல்ல அவர்களுக்கு ஆறு நாள் பிடித்தது. அவர்களுக்குள்ளேயே அதில் இரண்டு கருத்து இருந்ததாம்.